கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்: ஐபிஓ விண்ணப்பம், புதியவர்களுக்கு

காரைக்குடி செக்காலை சாலையில் இருக்கிற வங்கிக் கிளையானாலும் தேவகோட்டைத் தேநீர்க் கடையானாலும், ஒரு புதிய பங்கு வெளியீடு திறந்திருக்கும் மூன்று நாட்களும் காதில் விழுகிற கேள்வி ஒன்றுதான்: “போட்டால் கிடைக்குமா?” குலுக்கலில் நம் பெயர் வருமா என்பதுதான் கேட்பவரின் கவலை. அந்தக் கவலைக்குக் கொடுக்கிற நேரத்தில் பாதியையாவது வேறு மூன்று கேள்விகளுக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். யார் விற்கிறார்கள், எதற்காக விற்கிறார்கள், என்ன விலைக்கு விற்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் தெரிந்தால், விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

நம் பக்கத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. கொண்டுவிற்கப் போன காலத்தில் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்தவர்கள், ஊரில் இருந்தபடியே ஐந்தொகையைப் பார்த்துத்தான் அங்கே கடை எப்படி நடக்கிறது என்று கணித்தார்கள். 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் திறந்தது. கணக்குப் பார்த்து வளர்ந்த இந்த ஊர்களில், வாட்ஸ்அப்பில் வந்த ஓர் எண்ணை மட்டும் நம்பிப் பலர் பணம் போடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பார்க்க வேண்டிய கணக்கு இன்று எல்லோருடைய கைபேசியிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

யாருடைய பெட்டிக்குப் பணம் போகிறது

ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்குகளை விற்று, பங்குச் சந்தையில் பட்டியலாவதே ஐபிஓ. விற்கப்படும் பங்குகள் இரண்டு வகை. நிறுவனமே புதிதாக உருவாக்கி விற்பவை ஒரு வகை. அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போகும். கடனை அடைக்கலாம், ஆலை கட்டலாம். ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்கள் தங்கள் பங்குகளை விற்பது இரண்டாவது வகை. இதை ஓஎஃப்எஸ் என்பார்கள். இதில் நிறுவனத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது. விற்றவர் பணத்தை எடுத்துக்கொண்டு போவார். பல வெளியீடுகளில் இரண்டும் கலந்திருக்கும்.

2024 அக்டோபரில் வந்த ஹூண்டாய் மோட்டார் இந்தியா வெளியீடு முழுக்க இரண்டாவது வகை. ஸ்ரீபெரும்புதூர் அருகே நம் பிள்ளைகள் வேலை பார்க்கிற தொழிற்சாலை, தெரிந்த பெயர், நாட்டின் மிகப் பெரிய வெளியீடுகளில் ஒன்று. ஆனால் திரட்டிய சுமார் 27,870 கோடி ரூபாயும் கொரியாவில் இருக்கிற தாய் நிறுவனத்துக்குப் போனது. பங்கின் விலை 1,960 ரூபாய். நம்மைப் போன்ற சில்லறை முதலீட்டாளர்களுக்கு ஒதுக்கியதில் ஏறக்குறைய பாதிக்குத்தான் விண்ணப்பம் வந்தது. பட்டியலான அன்று தேசியப் பங்குச் சந்தையில் 1,934 ரூபாயில் தொடங்கி, அன்றே சுமார் 7 சதவீதம் இறங்கி முடிந்தது. அடுத்த ஆண்டில் அதே பங்கு வெளியீட்டு விலையை நன்றாகவே தாண்டியது என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பங்குதாரர் விற்கிறார் என்பதற்காகவே ஒரு வெளியீட்டை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அவர் ஏன் இப்போது விற்கிறார் என்ற கேள்விக்கு நமக்கு ஒரு பதில் இருக்க வேண்டும்.

ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் பணம் போட்ட முதலீட்டு நிதி ஒன்று விற்றால், அது இயல்பு. அந்த நிதி தன்னுடைய முதலீட்டாளர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருக்கும். நிறுவனத்தை நடத்துகிற குடும்பமே தன் பங்கில் பெரும்பகுதியை விற்றுவிட்டு, “இனிமேல்தான் வளர்ச்சி” என்று சொன்னால் நான் இரண்டு முறை படிப்பேன். விற்பவர்கள் அந்தப் பங்கைச் சராசரியாக என்ன விலைக்கு வாங்கினார்கள் என்பதை ஆவணத்தில் போட்டே ஆக வேண்டும் என்பது விதி. முதல் பக்கங்களிலேயே அது இருக்கும்.

ஆவணத்தில் எதை முதலில் பார்ப்பது

வெளியீட்டுக்கு வருகிற நிறுவனம் முதலில் பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியிடம் வரைவு ஆவணம் தாக்கல் செய்யும். செபி கேள்விகள் கேட்டு, திருத்தங்கள் சொல்லி அனுப்பும். அதன் பிறகு, வெளியீடு திறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் முழு ஆவணம் வரும். அதை ஆர்எச்பி என்கிறார்கள். செபியின் இணையதளத்தில் `Filings` என்பதன் கீழ் `Public Issues` பகுதியில் இரண்டும் கிடைக்கும்.

“செபியே அனுமதி கொடுத்துவிட்டது, பிறகென்ன பயம்?” என்று சிலர் சொல்கிறார்கள். செபி பார்ப்பது, சொல்ல வேண்டிய விவரங்களைச் சொல்லியிருக்கிறார்களா என்பதைத்தான். விலை நியாயமா, தொழில் நிலைக்குமா என்று அது சான்று தருவதில்லை. அரசு அதிகாரி ஒருவர் வெளியீட்டு விலையைத் தீர்மானித்த காலம் 1992-ல் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விலையை வைப்பது நிறுவனமும் அதன் முதலீட்டு வங்கியாளர்களும்தான். அவர்கள் விற்கிற பக்கத்தில் இருப்பவர்கள். கூடுதல் விலை கிடைத்தால் அவர்களுக்கு நல்லது.

ஆவணம் பெரும்பாலும் நானூறு, ஐந்நூறு பக்கம் போகும். முழுவதும் படிக்கத் தேவையில்லை. ஓர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தால் முக்கியமானதைப் பார்த்துவிடலாம். முதலில் `Objects of the Offer`. பணத்தை எதற்குச் செலவிடப் போகிறார்கள் என்பது இதில் இருக்கும். எந்தக் கடன், எந்த வங்கி, எவ்வளவு, எந்த ஊரில் ஆலை, என்ன இயந்திரம் என்று விவரமாக எழுதியிருந்தால் நல்லது. “பொதுவான நிறுவனத் தேவைகள்” என்ற தலைப்பில் திரட்டும் பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த எல்லையை ஒட்டியே எழுதியிருந்தால், பணத்தை என்ன செய்வது என்று அவர்களுக்கே தெளிவில்லையோ என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து நிதிநிலை அறிக்கை. லாபம் கூடுகிறதா என்று எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இன்னும் ஒரு வரி கீழே போய், தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா என்று பாருங்கள். வட்டிக்குக் கொடுத்தவர் பேரேட்டில் வட்டியை வரவு எழுதிக்கொண்டே போகலாம். கடன் வாங்கியவர் கொண்டுவந்து கட்டினால்தான் அது பெட்டிக்குள் வந்த பணம். நிறுவனக் கணக்கும் அப்படியே. மூன்று ஆண்டுகளாக லாபம் ஏறிக்கொண்டே போய், தொழிலிலிருந்து வந்த ரொக்கம் மட்டும் கழித்தல் குறியோடு நின்றால், சரக்கு விற்றிருக்கிறது, பணம் வரவில்லை என்று பொருள். வெளியீட்டுக்கு முந்திய ஒரே ஆண்டில் மட்டும் லாபம் திடீரென்று துள்ளியிருந்தால், அந்தத் துள்ளல் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள். வங்கிகளுக்கும் கடன் தருகிற நிறுவனங்களுக்கும் இந்த ரொக்கச் சோதனை பொருந்தாது. கடன் கொடுப்பதே அவர்கள் தொழில் என்பதால், அங்கே வாராக்கடனைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது `Risk Factors`. பக்கம் பக்கமாக எழுதியிருப்பார்கள். போர், வெள்ளம், பெருந்தொற்று என்று எல்லா நிறுவனங்களும் எழுதுகிறவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். அந்த நிறுவனத்துக்கு மட்டுமே உரியது என்ன என்பதைத் தேடுங்கள். முக்கியமானவற்றைத் தொடக்கத்திலேயே வைப்பது வழக்கம் என்பதால் முதல் பத்தைக் கவனமாகப் படித்தாலே போதும்.

தெரிந்த வங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம்

தூத்துக்குடியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியின் வெளியீடு 2022 செப்டம்பர் 5 முதல் 7 வரை நடந்தது. நம் ஊர்களில் பலருக்கு அதில் கணக்கு இருக்கும். நூறாண்டு கண்ட வங்கி, லாபத்தில் ஓடுகிற வங்கி. கேள்விகளை இதன்மேல் வைத்துப் பார்ப்போம்.

யார் விற்றார்கள்? வங்கியே. 1 கோடியே 58 லட்சத்து 40 ஆயிரம் பங்குகளும் புதிய பங்குகள். ஆகவே பணம் முழுவதும் வங்கியின் மூலதனத்தில் சேர்ந்தது. எதற்காக? கடன் கொடுப்பதைப் பெருக்க மூலதனம் தேவை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்ன விலைக்கு? 500 முதல் 525 ரூபாய் வரை என்று விலைப்பட்டை வைத்தார்கள். அதற்கு முந்திய நிதியாண்டில் வங்கியின் லாபம் சுமார் 822 கோடி. விளம்பரத்தில் காட்டிய ஒரு பங்கின் சம்பாத்தியம் சுமார் 57 ரூபாய் 67 காசு. இங்கேதான் புதியவர்கள் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது. அந்த எண் பழைய பங்குகளின் எண்ணிக்கையான 14.25 கோடியால் வகுத்து வந்தது. வெளியீடு முடிந்த பின் பங்குகள் சுமார் 15.83 கோடி ஆகிவிடும். அதே லாபத்தை அதனால் வகுத்தால் ஒரு பங்குக்குச் சுமார் 52 ரூபாய்தான் வருகிறது. நாம் வாங்கப்போவது வெளியீட்டுக்குப் பிந்திய பங்கு. எனவே 52-ஐத்தான் பயன்படுத்த வேண்டும். கடைசியில் முடிவான 510 ரூபாய் விலையை 52-ஆல் வகுத்தால், ஓராண்டுச் சம்பாத்தியத்தைப்போல் கிட்டத்தட்ட 9.8 மடங்கு. மலிவாகத்தான் தெரிகிறது.

வங்கிக்கு இன்னோர் அளவுகோலும் உண்டு: புத்தக மதிப்பு. வங்கியின் சொந்த நிதியைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது. வெளியீட்டுப் பணத்தையும் சேர்த்தால் ஒரு பங்குக்குச் சுமார் 388 ரூபாய் வந்தது. 510 என்பது அதைப்போல் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல். அந்த நேரத்தில் கரூர் வைசியா வங்கியின் பங்கு அதன் புத்தக மதிப்புக்கும் கீழே கிடைத்துக்கொண்டிருந்தது. சிட்டி யூனியன் வங்கியின் பங்கு சுமார் இரண்டு மடங்கில் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் இது. ஆக, விலை நியாயம் என்று சொல்லலாம். அள்ளிக்கொள்கிற மலிவு என்று சொல்ல முடியாது. ஆவணத்தில் `Basis for Offer Price` என்ற பகுதியில் இப்படி ஒப்பிடுவதற்கான நிறுவனங்களின் பட்டியலை அவர்களே தந்திருப்பார்கள். ஒப்பீட்டுக்கு வசதியான நிறுவனங்களைச் சேர்த்து, வசதியில்லாதவற்றை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இனி அபாயங்கள். இந்த வங்கியின் ஆவணத்தில் முதலில் நின்றதே இதற்கு மட்டும் உரியதுதான்: அதன் பங்கு மூலதனத்தில் சுமார் 38 சதவீதம் நீண்ட காலமாக வழக்குகளில் சிக்கியிருந்தது. வங்கியின் அன்றாட வேலைக்கு அது தடையில்லை. ஆனால் யாருடைய கைக்கு அந்தப் பங்குகள் போகும், எப்போது தீரும் என்று தெரியாத நிலையில், பெரிய நிதி நிறுவனங்கள் தயங்குவது இயற்கை. மலிவாகத் தெரிந்த விலைக்கு ஒரு காரணம் அங்கே இருந்தது.

நடந்தது என்ன? மொத்தத்தில் 2.86 மடங்கு விண்ணப்பம் வந்தது. பிரித்துப் பார்த்தால், சில்லறைப் பிரிவில் 6.48 மடங்கு, ஆவணத்தை வரிவரியாகப் படிக்க ஆட்களை வைத்திருக்கிற நிறுவனப் பிரிவில் 1.62 மடங்குதான். திறப்பதற்கு முந்திய வேலை நாளிலேயே ஆங்கர் முதலீட்டாளர்கள் எனப்படும் பெரிய நிதிகளுக்குப் பங்கு கொடுத்த விலை 510 என்று வெளியானது. இறுதி விலையும் உச்சமான 525-க்குப் போகாமல் 510-ல் நின்றது. செப்டம்பர் 15 அன்று மும்பைச் சந்தையில் 510-லும் தேசியச் சந்தையில் 495-லும் வர்த்தகம் தொடங்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பெரும்பாலான நாட்கள் அந்தப் பங்கு 510-க்குக் கீழேயே உலவியது. வங்கியின் லாபம் அந்தக் காலத்தில் கூடியது. நல்ல நிறுவனமாக இருப்பதும், வாங்கியவருக்கு நல்ல பலன் தருவதும் தனித்தனி விஷயங்கள்.

விண்ணப்பிக்க முடிவு செய்தால்

பான் அட்டை, பங்குகளை மின்னணு வடிவில் வைக்கிற டீமேட் கணக்கு, வங்கிக் கணக்கு, தரகர் வழியாகப் போவதானால் யுபிஐ இவ்வளவும் வேண்டும். முதல் மூன்றிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் மூன்று நான்கு முன்னெழுத்துகளோடு பெயர் வைத்திருப்பவர்கள் அதிகம். பான் அட்டையில் முன்னெழுத்தை விரித்துப் போட்டிருக்கும். வங்கியில் எழுத்தாகவே இருக்கும். வெளியீடு திறந்த பிறகு இதைச் சரிசெய்ய நேரம் இருக்காது.

தரகர் செயலியிலோ வங்கியின் இணையச் சேவையிலோ விண்ணப்பிக்கலாம். பங்குகளை ஒன்றிரண்டாகக் கேட்க முடியாது. ஒரு கட்டு என்று குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு, பெரும்பாலும் 15,000 ரூபாய்க்குள் வரும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில் ஒரு கட்டு 28 பங்குகள். சில்லறைப் பிரிவில் இரண்டு லட்சம் ரூபாய் வரை கேட்கலாம். விலை கேட்கும் இடத்தில் `Cut-off` என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த விலை முடிவானாலும் எனக்குச் சம்மதம் என்று அதற்குப் பொருள். அப்போது உச்ச விலைக்கான பணம் உங்கள் கணக்கில் தடுத்து வைக்கப்படும். அந்த வங்கி வெளியீட்டில் 525 வீதம் 14,700 ரூபாய் தடுக்கப்பட்டது. விலை 510-ல் முடிந்ததால், பங்கு கிடைத்தவர்களிடம் 14,280 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி 420 ரூபாயை விடுவித்தார்கள். தடுத்து வைத்த பணம் உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும், வட்டியும் சேரும்.

தரகர் வழியாக விண்ணப்பம் அனுப்பியதும் யுபிஐ செயலிக்கு ஒப்புதல் கோரிக்கை வரும். அதை நீங்கள் ஏற்றால்தான் விண்ணப்பம் செல்லும். கடைசி நாள் மாலை 5 மணியோடு அந்த வாசல் மூடிவிடும். கோட்டையூரில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கடைசி நாள் நாலரை மணிக்குக் கைபேசியோடு என்னிடம் வந்தார்.

“தம்பி, கோரிக்கை இன்னும் வரவில்லையே?”

“ஆச்சி, யாருடைய யுபிஐ கொடுத்தீர்கள்?”

“மகன் சிங்கப்பூர் போகும்போது என் கைபேசியில் போட்டுக் கொடுத்தது. அவன் கணக்குத்தான். பணம் அனுப்புகிறவன் அவன்தானே.”

கோரிக்கை வந்து அவர் ஏற்றிருந்தாலும் அந்த விண்ணப்பம் தள்ளுபடியாகியிருக்கும். யார் பெயரில் விண்ணப்பமோ அவருடைய வங்கிக் கணக்கிலிருந்துதான் பணம் தடுக்கப்பட வேண்டும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புகிற வீடுகளில் இந்தத் தவறு சாதாரணமாக நடக்கிறது. மகன் அனுப்புகிற பணத்தை அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டு, அந்தக் கணக்கிலிருந்து விண்ணப்பித்தால் பிரச்சினை இல்லை. ஒரே பான் எண்ணில் இரண்டு விண்ணப்பம் போட்டாலும் தள்ளுபடிதான், வேறு வேறு தரகர்கள் வழியாகப் போட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். வீட்டில் நான்கு பேர் தத்தம் பான், டீமேட், வங்கிக் கணக்கு மூலம் தனித்தனியாக விண்ணப்பிப்பதில் தவறில்லை.

சில்லறை முதலீட்டாளர்கள் மூடும் வரை விண்ணப்பத்தை மாற்றலாம், திரும்பப் பெறலாம். பெரிய நிறுவனங்கள் அப்படித் திரும்பப் பெற முடியாது. அதனால் அவை பெரும்பாலும் கடைசி நாளில்தான் கேட்கும். முதல் நாள் முண்டியடிப்பதில் எந்தச் சலுகையும் இல்லை. மூன்றாம் நாள் முற்பகலில், நிறுவனப் பிரிவில் எவ்வளவு வந்திருக்கிறது என்று பங்குச் சந்தை இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பித்தால் போதும்.

குலுக்கலின் கணக்கு

எல்லோரும் கேட்கிற கேள்விக்கு வருகிறேன். விண்ணப்பித்தவர்களின் எண்ணிக்கை கட்டுகளின் எண்ணிக்கையைவிடக் கூடினால், கணினிக் குலுக்கலில் தேர்வாகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கட்டு மட்டும் கிடைக்கும். தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியில் சில்லறைக்கு ஒதுக்கியது பத்து சதவீதம், அதாவது 15,84,000 பங்குகள். 28-ஆல் வகுத்தால் 56,571 கட்டுகள். அதற்கு மேல் ஒருவருக்கும் இடமில்லை. ஆகவே நெரிசல் மிகுந்த வெளியீட்டில் ஒருவர் பத்துக் கட்டு கேட்டாலும் ஒரு கட்டு கேட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான். அதிகமாகக் கேட்டால் அதிகப் பணம் தடுக்கப்பட்டுக் கிடக்கும், அவ்வளவே.

இதில் மறைந்திருக்கும் ஒன்றைத்தான் நான் மிகவும் வலியுறுத்த விரும்புகிறேன். எல்லோரும் விரும்புகிற வெளியீட்டில் நமக்குக் கிடைப்பது அரிது. யாரும் விரும்பாததில் கேட்டதெல்லாம் கிடைக்கும். 15,000 ரூபாய்க் கட்டு ஒன்று, சில்லறையில் 30 மடங்கு நெரிசல், பட்டியலான அன்று 40 சதவீதம் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்தவருக்கு லாபம் 6,000 ரூபாய். ஆனால் கிடைக்கிற வாய்ப்பு சுமார் முப்பதில் ஒன்று. சராசரியாகப் பார்த்தால் ஒரு விண்ணப்பத்தின் மதிப்பு 200 ரூபாய். இன்னொரு வெளியீட்டில் நெரிசலே இல்லை, பங்கு நிச்சயம் கிடைக்கிறது, அன்றே 10 சதவீதம் இறங்குகிறது. நட்டம் 1,500 ரூபாய், அதுவும் உறுதியாக. அந்த ஒரு நட்டத்தை ஈடுகட்ட, முதல் வகையைப் போல ஏழெட்டு வெளியீடுகளில் விண்ணப்பித்தாக வேண்டும். “இந்த ஆண்டு வெளியீடுகள் சராசரியாக இவ்வளவு சதவீதம் லாபம் தந்தன” என்று செய்தியில் வருகிற எண், எல்லா வெளியீட்டிலும் சமமாகப் பங்கு கிடைத்தவருக்கான எண். அப்படி ஒருவரும் இல்லை. வருவதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிப்பவர் கையில் சேர்வது பெரும்பாலும் மற்றவர்கள் வேண்டாம் என்று விட்டவைதான்.

அதனால் நான் வைத்திருக்கிற சோதனை எளிது. பட்டியலாகும் நாளில் இந்தப் பங்கு ஏறாவிட்டாலும் இதே விலையில் மூன்று ஆண்டு வைத்திருக்கச் சம்மதமா? சம்மதம் என்றால் விண்ணப்பிக்கலாம். கிடைக்குமா என்பது அப்போது பெரிய கவலையாகவே இருக்காது.

சாம்பல் சந்தை விலை என்று ஓர் எண் தினமும் சுற்றி வருகிறதே, அதைப் பற்றியும் கேட்பார்கள். அது எந்தச் சந்தையிலும் பதிவாகாத, சிலருக்குள் வாய்வழியாக நடக்கும் வியாபாரம். எத்தனை பங்கு, யார் வாங்கினார், யார் விற்றார் என்று யாராலும் சரிபார்க்க முடியாது. விற்க வேண்டியவர்களே எண்ணை ஏற்றிச் சொல்லவும் இடமிருக்கிறது. முடிவெடுக்க நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான தனிப் பிரிவில் வருகிற எஸ்எம்இ வெளியீடுகளில், 2025 ஜூலை முதல் குறைந்தபட்ச விண்ணப்பமே இரண்டு லட்சத்துக்கு மேல். வாங்கிய பிறகு விற்க ஆள் கிடைப்பதும் கடினமாக இருக்கும். புதியவர்களுக்கு அது வேண்டாம்.

ஒதுக்கீடும் அதற்குப் பின்னும்

வெளியீடு புதன்கிழமை மூடினால், இடையில் விடுமுறை இல்லாதபோது, வியாழன் மாலைக்குள் ஒதுக்கீடு முடிவாகும். வெள்ளியன்று பங்கு டீமேட்டில் ஏறும், கிடைக்காதவர்களின் பணம் விடுபடும். திங்களன்று பட்டியலாகும். மூன்று வேலை நாட்களில் முடியும் இந்த முறை 2023 டிசம்பர் முதல் எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயம். ஒதுக்கீட்டு நிலையை, ஆவணத்தில் குறிப்பிட்டிருக்கும் பதிவாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம்.

பட்டியலாகும் நாளில் காலை 9 மணிக்கு விலை காணும் அமர்வு தொடங்கும். வழக்கமான வர்த்தகம் 10 மணிக்கு. அந்த முதல் அரை மணி நேரத்தில் விலை தாறுமாறாக ஆடும். விற்பதா வைப்பதா என்பதை முந்திய இரவே முடிவு செய்துகொள்ளுங்கள். விற்பதானால், கிடைத்த விலைக்கு என்று ஆணை போடாமல் இன்ன விலைக்குக் குறையாமல் என்று வரம்பு வைத்துப் போடுங்கள். வாங்கி ஓராண்டுக்குள் விற்று வருகிற லாபத்துக்கு 20 சதவீத வரி உண்டு என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கிடைக்கவில்லை என்றால் அன்றே ஓடிப்போய்க் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஆங்கர் முதலீட்டாளர்கள் தங்கள் பங்கில் பாதியை 30 நாட்களும் மீதியை 90 நாட்களும் விற்கக் கூடாது. ஒதுக்கீட்டு நாளிலிருந்து அதைக் கணக்கிடுவார்கள். வெளியீட்டுக்கு முன்பே பங்கு வைத்திருந்த நிறுவனர் அல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதம் தடை. இந்தத் தடைகள் நீங்கும் நாட்களில் விற்பனைக்கு வரக்கூடிய பங்குகள் கூடும். பல நேரங்களில் விலை தளரும். இடையில் பட்டியலான பிறகான முதல் காலாண்டுக் கணக்கும் வந்துவிடும். அந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைத்து, ஆவணத்தில் சொன்னதும் கணக்கில் வந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகு, வேண்டிய எண்ணிக்கையில் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாம்.